பேருந்தின் பாரமும் டயரின் சூடும்

ஒரு பேருந்தின் எடையைப் பெருமளவு தாங்குவது அதன் டயர்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் இழைகளும் எஃகுக் கம்பிகளும் சேர்ந்த உறை அந்தக் காற்றை அடக்கி வைக்கிறது, சாலையைப் பற்றிக்கொள்கிறது, சக்கரத்தின் உருவம் குலையாமல் பார்த்துக்கொள்கிறது. எடை ஏற ஏறச் சாலையைத் தொடும் இடத்தில் டயர் அமுங்கித் தட்டையாகிறது, பக்கச்சுவர் பிதுங்குகிறது. இது இயல்பு. ஆனால் எவ்வளவு அமுங்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைத் தாண்டினாலும் டயர் உடனே வெடிப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் அனுமதித்ததைவிடக் கணிசமாகக் கூடுதல் பாரம் ஏற்றினாலும் நல்ல டயர் பேசாமல் தாங்கிக்கொள்ளும். அதே பேருந்து நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

தமிழ்நாட்டுப் பேருந்துகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் 10.00 ஆர் 20 ரக ரேடியல் டயரை எடுத்துக்கொள்ளலாம். அதன் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏழு முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை சாலைக்கு அடியில் வந்து அமுங்கி, மீண்டும் நிமிர்கிறது. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணத்தில் அந்த ரப்பர் இரண்டு லட்சம் தடவைக்கு மேல் மடங்கி நிமிர வேண்டியிருக்கிறது.

ரப்பர் மடங்கும்போது வாங்கிக்கொள்ளும் ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று உராய்வதால் ஒரு பங்கு வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. ஓடும் டயர் சூடாவதற்குச் சாலை உரசல்தான் காரணம் என்று பலரும் நினைப்பதுண்டு. நேர்சாலையில் சீராக ஓடும்போது உரசலின் பங்கு சொற்பம். சூட்டின் பெரும்பகுதி ரப்பரின் உள்ளே நடக்கும் இந்த இழப்பிலிருந்தே வருகிறது. ஆகவே வெப்பம் பிறக்கும் இடம் சாலையைத் தொடும் மேற்பரப்பு அல்ல, டயரின் தடித்த உட்பகுதி. மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து உள்ளே இருக்கும் சூட்டை முழுதாக அறிய முடியாததும் இதனால்தான்.

இந்தச் சூட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமல்ல. நல்ல நிலையில் காற்று நிரம்பிய கனரக ரேடியல் டயர் உருள்வதற்குக் காட்டும் எதிர்ப்பு, அது தாங்கும் எடையில் ஏறத்தாழ 0.7 விழுக்காடு. ஒரு டயர் 2,200 கிலோ தாங்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், உள்ளே உருவாகும் வெப்பம் சுமார் 3.3 கிலோவாட். குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கீசர் பெரும்பாலும் 2 கிலோவாட்தான். அதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான சூடு ஒவ்வொரு டயருக்குள்ளும் இரவு முழுவதும் பிறந்துகொண்டே இருக்கிறது. ஒரு பேருந்துக்கு அப்படி ஆறு டயர்கள்.

பிறக்கும் சூடு வெளியேறியாக வேண்டும். வெளியே ஓடும் காற்று டயரின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு பகுதி இரும்பு வளையம் வழியாகவும் போகிறது. ஆனால் ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். தடித்த இடத்தில் பிறந்த சூடு மேற்பரப்பை எட்டவே நேரமாகும். பயணம் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் டயரின் வெப்பநிலை வேகமாக ஏறுகிறது. பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்து, பிறக்கும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகும் ஒரு நிலையை எட்டுகிறது. பேருந்து, லாரி டயர்களுக்கு இந்தச் சமநிலை வர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். சரியான பாரமும் சரியான காற்றும் இருந்தால் சமநிலை வெப்பம் ஆபத்தில்லாத அளவிலேயே, பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள், நின்றுவிடும். பாரம் கூடினால் சமநிலை இன்னும் உயரத்தில் அமையும். அந்த உயரம் ரப்பர் தாங்கக்கூடிய வரம்புக்கு மேலே போய்விட்டால், சமநிலை வருவதற்கு முன்பே டயர் சிதையத் தொடங்கிவிடும்.

நகரப் பேருந்துகளின் கதை வேறாக இருப்பதற்கும் காரணம் இதுதான். காலை நேரத்தில் படிக்கட்டில் தொங்கும் அளவுக்கு ஆட்களை அள்ளிச் செல்லும் மாநகரப் பேருந்தின் பின்சக்கரங்கள் அளவுக்கு மீறிய எடையைத் தாங்குகின்றன. ஆயினும் அவற்றின் டயர் சூட்டினால் வெடிப்பது அரிது. திறந்தவெளிச் சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர்களுக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது பொறியாளர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: டயர் தாங்கும் எடையை டன்னிலும், சராசரி வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்குவார்கள். வரும் தொகை டயர் உற்பத்தியாளர் குறித்த எண்ணைத் தாண்டக் கூடாது. பேருந்துகளுக்கு இப்படி ஓர் எண் அச்சிடப்படுவதில்லை என்றாலும் கணக்கின் தர்க்கம் பொருந்தும். நகரில் டயருக்கு 3.2 டன் விழுந்தாலும், நிறுத்தம் நிறுத்தமாக நின்று போகும் பேருந்தின் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் என்றால் பெருக்குத்தொகை 51தான். நெடுஞ்சாலையில் டயருக்கு 2.8 டன் மட்டுமே என்றாலும் சராசரி 65 கிலோமீட்டர் வேகத்தில் தொகை 182 ஆகிறது. எடை குறைவு, சூடோ மூன்று மடங்குக்கு மேல். “டவுன் பஸ்ஸில் இதைவிடக் கூட்டம் ஏற்றுகிறார்களே” என்ற வாதம் நெடுந்தூரப் பேருந்துக்குச் செல்லுபடியாகாது.

பண்டிகைக் காலத்தில் தெற்கே புறப்படும் ஓர் இருக்கைப் பேருந்தைக் கற்பனையாக வைத்து இதைப் பார்க்கலாம். வெறும் வண்டியின் எடை 10 டன். அதில் முன் அச்சின் மேல் 3.7 டன், பின் அச்சின் மேல் 6.3 டன். ஐம்பது இருக்கைகளும் நிரம்பி, ஒருவருக்குப் பெட்டியுடன் சேர்த்து 75 கிலோ என்று வைத்தால் 3.75 டன் கூடும். அதில் சுமார் 2.5 டன் பின் அச்சுக்குப் போகும். பின் அச்சின் மொத்தம் 8.8 டன், நான்கு டயருக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 2,200 கிலோ.

டயரின் பக்கச்சுவரில் 146/143 என்று ஓர் இரட்டை எண்ணும், அதையடுத்து ஓர் ஆங்கில எழுத்தும் பொறித்திருக்கும். முதல் எண் தனி டயராக மாட்டும்போது தாங்கக்கூடிய எடைக்கான குறியீடு: 146 என்றால் 3,000 கிலோ. இரண்டாவது எண் ஜோடியாக மாட்டும்போதுள்ள வரம்பு: 143 என்றால் 2,725 கிலோ. எழுத்து, வேக வரம்பைக் குறிக்கும். இந்த எடையைத் தாங்க வேண்டுமானால் டயர் குளிர்ந்திருக்கும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 120 பவுண்டு காற்று இருக்க வேண்டும். நம் பேருந்தின் 2,200 கிலோ அந்த வரம்பில் 81 விழுக்காடு. கையில் போதிய மிச்சம் இருக்கிறது.

இப்போது நடைபாதையில் முக்காலி போட்டும் ஓட்டுநர் அறையில் நெருக்கியும் இருபது பேர் கூடுதலாக ஏறுகிறார்கள். ஒன்றரை டன். அதில் சுமார் 1,050 கிலோ பின் அச்சுக்கு. வால்பகுதிச் சரக்கறையிலும் அதற்கு நேர்மேலே கூரையிலும் ஒரு டன் பார்சல். இது பின் அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். அச்சுக்கு வெளியே தொங்கும் பாரம் தன் எடையை மட்டும் பின் அச்சில் வைப்பதில்லை. நெம்புகோல் போல முன் அச்சைச் சற்றுத் தூக்கி, அந்த எடையையும் பின்னால் தள்ளுகிறது. அச்சுகளுக்கு இடையே ஆறு மீட்டர் என்றால், ஒரு டன் பார்சல் பின் அச்சில் 1.33 டன்னாக விழும். மொத்தம் 11.18 டன். டயருக்கு 2,795 கிலோ. வரம்பைவிட மூன்று விழுக்காடு மட்டுமே அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு இந்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியபோது நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன்னாயிற்று. இரண்டு அச்சு வாகனத்தின் மொத்த வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக ஏறியது. நம் கற்பனைப் பேருந்து இந்த எண்களுக்குள்ளேயே நிற்கிறது. எடைமேடையில் ஏற்றினால் அச்சு எடையைக் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் சாலைக்கும் பாலத்துக்குமான வரம்பு வேறு, டயருக்கான வரம்பு வேறு. 11.5 டன்னை நான்கால் வகுத்தால் 2,875 கிலோ வரும். 143 குறியீட்டு டயருக்கு அதைத் தாங்க அனுமதி இல்லை. சட்டம் இடம் கொடுக்கிறதே என்று பழைய டயரின் மேல் புதிய பாரத்தை ஏற்றினால் அந்த இடைவெளியை ரப்பர்தான் நிரப்ப வேண்டும்.

மூன்று விழுக்காடு பெரிதில்லை என்று தோன்றலாம். நான்கு டயரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் அது உண்மைதான். ஜோடி டயர்கள் அப்படிச் சமமாகப் பங்கிடுவது அபூர்வம். உள் டயரின் வால்வை எட்டுவது சிரமம் என்பதால் அதில் காற்றுப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவது பணிமனைகளில் சாதாரணம். உள் டயரில் 100 பவுண்டு, வெளி டயரில் 120 பவுண்டு என்றால் மென்மையான உள் டயர் அமுங்கி விலக, வெளி டயர் கூடுதல் பங்கை ஏற்கும். ஒரு பக்கத்துக்குரிய 5.59 டன்னில் வெளி டயர் 3,200 கிலோவைச் சுமந்தால், அது தன் வரம்பைவிட 17 விழுக்காடு அதிகம். உள்ளே பிறக்கும் சூடு 3.3 கிலோவாட்டிலிருந்து ஐந்து கிலோவாட்டை நெருங்கும். முன்பு 32 டிகிரி இரவில் 72 டிகிரியில் நிலைத்த டயர் இப்போது 90 டிகிரியைத் தாண்டப் பார்க்கும். ஓட்டுநர் தாமதத்தை ஈடுகட்ட 95 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் நூறை எட்டிவிடும். இவை டயரின் சராசரி வெப்பத்துக்கான தோராய மதிப்பீடுகள். தடித்த தோள்பகுதியின் உள்ளே இதைவிடவும் அதிகமாக இருக்கும்.

குறைந்த எடையைச் சுமக்கும் உள் டயர் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. அதன் காற்று குறைந்ததால் அது தாங்கும் திறனும் குறைந்துவிட்டது. அதன் ஒரு பக்கம் வெளி டயர், மறுபக்கம் பிரேக் டிரம், காற்றோட்டமும் கம்மி. மலைப்பாதையில் இறங்கும்போது டிரம்மின் சூடு இரும்பு வளையம் வழியாக முதலில் வந்து சேர்வதும் உள் டயருக்கே. பாரம் மிகுந்து இரண்டு டயர்களின் பிதுங்கிய பக்கச்சுவர்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இடையில் இருந்த காற்றுவழி அடைபட்டு, உராய்வுச் சூடும் சேர்ந்துகொள்ளும். உள் டயர் முற்றாகக் காற்று இழந்தது தெரியாமல் வண்டி தொடர்ந்து ஓடினால் அது நசுங்கி அரைபட்டுத் தீப்பிடிப்பதும் உண்டு. டயர் வெடிப்பைவிடக் கொடிய விபத்து அது.

எடைக்கும் காற்றுக்கும் உள்ள உறவை இங்கே நேராகச் சொல்லிவிடலாம். டயரைப் பொறுத்தவரை அதிகப் பாரமும் குறைந்த காற்றும் ஒரே நோய். இரண்டிலும் நடப்பது அளவுக்கு மீறிய அமுக்கம். வரம்புக்குள் பாரம் ஏற்றிக் காற்றைக் குறைத்தாலும், சரியான காற்றோடு பாரத்தைக் கூட்டினாலும், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் மடங்கும் அளவு கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் மிச்சமே இல்லாமல் போகிறது. நெடுந்தூரப் பேருந்தில் அவை பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

இதில் ஓட்டுநர்களும் உதவியாளர்களும் செய்யும் ஒரு தவறு, காரணம் புரியாததால் நல்லெண்ணத்துடனேயே நடப்பது. வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது டயரில் கேஜ் வைத்துப் பார்த்தால் 120 இருந்த இடத்தில் 138 பவுண்டு காட்டும். காற்று சூடானால் அழுத்தம் ஏறும். 30 டிகிரியில் 120 பவுண்டாக இருந்தது 70 டிகிரியில் ஏறத்தாழ 138 ஆவது இயற்கை விதி. டயர் வடிவமைப்பாளர்கள் இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்தே குளிர்நிலை அழுத்தத்தைக் குறித்திருக்கிறார்கள். ஆனால் “காற்று ஏறிப்போச்சு, கொஞ்சம் இறக்கிவிடு” என்று வால்வை அழுத்தி 120க்குக் கொண்டுவந்தால், அந்த டயரில் உண்மையில் இருப்பது குளிர்நிலைக் கணக்கில் 104 பவுண்டுதான். டயர் இன்னும் அதிகமாக மடங்கும். சூடு இன்னும் ஏறும். அடுத்த நிறுத்தத்தில் கேஜ் மறுபடியும் 120க்கு மேலே காட்டும். மறுபடியும் காற்றை இறக்கத் தோன்றும். சூட்டைக் குறைக்க எடுத்த நடவடிக்கையே சூட்டை வளர்க்கிறது. சூடான டயரில் எண் உயர்ந்திருந்தால் செய்ய வேண்டியது பாரத்தையோ வேகத்தையோ குறைப்பது, காற்றை இறக்குவதல்ல.

கால் மணி நேர ஓய்வும் பெரிதாக உதவாது. நின்ற வண்டியின் டயரில் மோதும் காற்று இல்லை. உட்பகுதியின் சூடு மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். டிரம்மின் வெப்பமும் வளையத்துக்குப் பரவும். தொட்டால் முன்பைவிடச் சூடாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். தடித்த டயர் உண்மையாகக் குளிர மணிக்கணக்கு வேண்டும். காலையில் வந்து சேர்ந்த பேருந்து அன்று மாலை திரும்பப் புறப்படும்வரை கிடைக்கும் இடைவெளி போதுமானது. பண்டிகை நெரிசலில் வந்த வண்டியை இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பும்போது, அதுவும் கத்திரி வெயிலில் தார்ச்சாலையே 55 டிகிரிக்கு மேல் காயும் பகலில், டயர் முந்தைய பயணத்தின் சூட்டோடுதான் புறப்படுகிறது.

சூடு வரம்பு மீறினால் உள்ளே என்ன நடக்கிறது? ரேடியல் டயரில் சாலையைத் தொடும் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டைகளின் ஓரங்கள் முடியும் இடம் டயரின் தோள். டயரிலேயே ரப்பர் தடித்திருப்பதும் அதிகம் மடங்குவதும் அங்கேதான். ஆகவே சூடும் அங்கே உச்சம். எஃகும் ரப்பரும் ஒட்டியிருப்பது தொழிற்சாலையில் வெப்பத்தில் வேகவைத்து உண்டாக்கிய பிணைப்பு. ஏறத்தாழ 120 டிகிரிக்கு மேல் அந்தப் பிணைப்பு பலவீனமாகிறது. ரப்பரின் கிழிபடும் வலிமையும் வெகுவாகக் குறைகிறது. பட்டையின் ஓரத்தில் முதலில் மயிரிழை போன்ற விரிசல். அதன் இரு முகங்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றோடொன்று உராய, அந்த இடத்தில் மட்டும் கூடுதல் சூடு. விரிசல் பட்டைகளுக்கு இடையே பரவி, ஒரு கட்டத்தில் பட்டனும் மேல்பட்டையும் மொத்தமாக உரிந்து பறக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் நீண்ட கறுப்பு ரப்பர் நாடாக்களில் பல இப்படி உரிந்தவை. அவற்றைப் பார்த்ததும் ரீட்ரெட் செய்த டயர் என்று பழி போடுவது வழக்கம். புதிய டயரும் இதே விதமாக உரியும்.

இன்னொரு வழி பக்கச்சுவர் கிழிவது. காற்றுக் குறைந்து மிகையாக மடங்கிய பக்கச்சுவரில் உடல் இழைகள் களைத்து ஒவ்வொன்றாக அறும். எஞ்சியவை திடீரெனத் தாங்க முடியாமல் போகும்போது காற்று முழுவதும் ஒரே நொடியில் வெளியேறுகிறது. பழைய நைலான் டயர்களில் குறுக்குமறுக்கான அடுக்குகள் ஒன்றையொன்று உராய்வதால் அவை ரேடியலைவிட அதிகம் சூடாகும். ரேடியலுக்கு வேறொரு குறை உண்டு: அதன் அடிப்பக்கம் சரியான காற்றிலேயே சற்றுப் பிதுங்கித் தெரியும் என்பதால், கண்ணால் பார்த்துக் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தச் சங்கிலி முழுவதையும் காட்டும் விபத்து ஒன்று 2008 ஆகஸ்ட் 8 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஷெர்மன் என்ற ஊரருகே நடந்தது. ஹூஸ்டனிலிருந்து மிசூரி மாநிலத்தின் கார்த்தேஜுக்குத் திருவிழாவுக்குப் போன வியட்நாமியக் கத்தோலிக்கர்களின் பேருந்து அது. ஓட்டுநரைத் தவிர 55 பயணிகள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கடந்த நிலையில் வலது முன் டயர் செயலிழந்தது. வண்டி பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. 17 பேர் இறந்தனர். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த டயர் பஞ்சராகி நெடுநேரம் குறைந்த காற்றோடு ஓடியதே காரணம் என்று முடிவு செய்தது. அதனால் பக்கச்சுவரும் பட்டைகளும் உடல் அடுக்குகளும் பிரிந்துபோயிருந்தன. பேருந்தின் முன் அச்சில் மாட்டக் கூடாத ரீட்ரெட் டயர் அது என்பதும் தெரியவந்தது. அங்கே அமுக்கத்தைக் கூட்டியது கசிந்த காற்று. நம் ஊரில் அதே வேலையை முக்காலியில் உட்கார்ந்தவர்களும் பார்சலும் செய்துவிடுகிறார்கள். டயர் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

முன் டயர் வெடிப்பதற்கும் பின் டயர் வெடிப்பதற்கும் விளைவில் பெரும் வேறுபாடு உண்டு. பின்னால் ஜோடியில் ஒன்று போனால் மற்றது சிறிது தூரம் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கும். ஆனால் இருவர் சுமையும் அதன் மேல் விழுவதால் அதுவும் விரைவில் போகும். பறக்கும் ரப்பர் சக்கர மேல்மூடியைக் கிழித்து, அருகில் ஓடும் பிரேக் குழாயையும் மின்கம்பியையும் அறுக்கலாம். முன்னால் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். அப்போது ஓட்டுநர் பதறிப் பிரேக்கை அழுத்தினால் எடை முழுவதும் முன்னே சாய்ந்து, காற்றில்லாத சக்கரம் வண்டியை இன்னும் பலமாகத் திருப்பும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு வேகம் தானாகக் குறைய விடுவதே பயிற்சியில் சொல்லித்தரும் முறை. கூரையில் பாரம் ஏற்றிய வண்டியில் இதற்கும் இடம் குறைவு. அதன் எடைமையம் உயர்ந்திருப்பதால் சிறு வளைவிலேயே சாய்ந்துவிடும்.

வெடிப்பதற்கு முன் டயர் சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. பட்டை பிரியத் தொடங்கிய டயர், குறிப்பிட்ட வேகத்தில் சீரான இடைவெளியில் ஒரு குலுக்கலைத் தரும். சாலை நன்றாக இருக்கும்போதும் அது நிற்காது. தோளில் ஓரிடம் மட்டும் உப்பியிருக்கும். கருகிய ரப்பர் வாடை வரும். ஜோடி டயர்களில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அவை பாரத்தைச் சமமாகப் பங்கிடவில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இதற்குக் கையைவிட நம்பகமானது. உதவியாளர்கள் ஜாக்கி லீவரால் டயரைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பது, காற்றே இல்லாத உள் டயரைக் கண்டுபிடிக்கப் பயன்படும். 120க்கும் 95க்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சத்தம் சொல்லாது. அதற்குக் கேஜ்தான் வேண்டும். அதையும் புறப்படும் முன், குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும். உள் டயரின் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டு வெளியே கொண்டுவந்துவிட்டால் “எட்டாது” என்ற சாக்கு ஒழியும். தேய்மானமும் பேசும்: இரண்டு தோள்களும் நடுப்பகுதியைவிட விரைவாகத் தேய்ந்திருந்தால், அந்த டயர் நெடுநாளாக மிகைப் பாரத்தில் அல்லது குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது.

பாரத்தைப் பொறுத்தவரை புறப்படும் இடத்திலேயே பின் அச்சை மட்டும் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதுதான் நேரடி வழி. மொத்த எடை மட்டும் பார்த்தால் நம் கற்பனைப் பேருந்தைப் போல விஷயம் மறைந்துவிடும். கனமான பார்சலை வால்பகுதியிலிருந்து இரண்டு அச்சுகளுக்கு இடைப்பட்ட கீழறைக்கு மாற்றினாலே பின் டயர்களுக்குக் கணிசமான நிம்மதி. சட்டத்தின் பயமுறுத்தல் இங்கே பலவீனமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஏ பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கூடுதல் பயணி ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கிறது. கூடுதல் பயணிகளை இறக்கி மாற்று ஏற்பாடு செய்யும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்றும் சொல்கிறது. பண்டிகைக்கால முக்காலி டிக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் 200 ரூபாய் யாரையும் தடுக்காது. வண்டியை நிறுத்திவைக்கும் பகுதியை உண்மையாக அமல்படுத்தினால்தான் அந்தப் பிரிவுக்குப் பல் உண்டு.

பாரத்தை இறக்கிய பிறகும் சூடுபட்ட டயர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ரப்பரில் ஏற்பட்ட மாற்றமும் அறுந்த இழையும் விரிசலும் அப்படியே இருக்கும். பண்டிகை வாரத்தில் வதைபட்ட டயர் ஒரு மாதம் கழித்துச் சாதாரணப் பாரத்தில் வெடிப்பது அதனால்தான். அன்றைக்கு யாரும் கூட்டத்தைக் காரணம் சொல்ல மாட்டார்கள். ரீட்ரெட் செய்யும் நல்ல பட்டறையில் பழைய உறையின் உட்பக்கத்தை விளக்கு வைத்து ஆராய்வார்கள். உள்பூச்சு சுருங்கியோ உரிந்தோ நிறம் மாறி நீலம்பாரித்தோ இருந்தால், பட்டன் தேய்வு எப்படியிருந்தாலும் அந்த உறையை ஒதுக்கிவிடுவார்கள். குறைந்த காற்றில் வெகுதூரம் ஓடிய எஃகு ரேடியலின் பக்கச்சுவரில் கம்பிகள் வரிசையாகக் களைத்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. பஞ்சர் ஒட்டி மீண்டும் காற்று ஏற்றும்போது, அழுத்தம் உயர்ந்து வருகையில் அந்தக் கம்பிகள் ஜிப்பைத் திறந்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, டயர் பட்டறையிலேயே வெடிக்கும். கனரக டயருக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், ஒதுங்கி நின்று காற்று ஏற்ற வேண்டும் என்ற விதி இந்த ஆபத்துக்கும் பொருந்தும். சாலையோரப் பஞ்சர் கடைகளில் அந்தக் கூண்டைப் பார்ப்பது அரிது.